971 இல்லை, 371

அன்புள்ள முருகேசா,

உன் மகன் துபாயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேட்டதில் எனக்கும் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். உன் அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பார்கள், இல்லையா? அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

என் தம்பியும் துபாயில்தானே இருக்கிறான். போன மாதம் விடியற்காலை அப்பாவின் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. தம்பிதான் மிஸ்டு கால் கொடுக்கிறான் என்று அப்பா திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். துபாய் எண் +971 என்று தொடங்கும். வந்திருந்தது +371, லாட்வியா நாட்டு எண். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "ரிங் போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்கவே மாட்டேன் என்கிறான்" என்று காத்திருந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். காதில் ரிங் சத்தம். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதாவது எதிர்முனையில் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. நாம் கேட்டது பதிவு செய்த ரிங் சத்தம். முந்தின நாள் போட்ட 100 ரூபாய் டாப்-அப் அதற்குள் போயிருந்தது. அன்லிமிடெட் பேக் இருந்தும் பயனில்லை, அதில் வெளிநாட்டு அழைப்பு சேராது.

காசு யாருக்குப் போகிறது தெரியுமா? வெளிநாட்டுக்குப் பேசினால், நம்மிடம் பிடிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி அழைப்பை முடித்துக்கொடுக்கும் அந்த நாட்டு நிறுவனத்துக்குப் போகும். கட்டணம் அதிகமுள்ள எண்களை வாடகைக்கு எடுத்து, அந்தப் பணத்தில் பங்கு வாங்குகிறவர்கள்தான் கம்ப்யூட்டரை வைத்து ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரு ரிங் விடுகிறார்கள். நாம் எடுக்குமுன் வெட்டிவிடுவதால் அவர்களுக்குச் செலவும் இல்லை. ஜப்பானில் இதற்கு 'வன்கிரி' என்று பெயர். ஒன்று அடித்து வெட்டு என்று அர்த்தம். மிஸ்டு கால் வந்ததாலேயே நமக்குக் காசு போகாது. திருப்பிக் கூப்பிட்டால்தான் போகும்.

அந்த எண்ணை பிளாக் செய்தேன். நான்கே நாளில் +216, துனிசியாவிலிருந்து வந்தது. எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொன்றாகத் தடுத்து மாளாது. போகிற வழியை அடைப்பதுதான் சரி. தம்பி போட்டிம் ஆப்பில்தான் பேசுகிறான், அது இன்டர்நெட்டில் போவது. அதனால் அப்பாவின் சிம்மில் ஐ.எஸ்.டி. அழைப்பையே நிறுத்தச் சொல்லி வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டேன். போனிலிருந்தே செய்ய ஒரு குறியீடும் உண்டு:

```
*331*0000#
```

0000 என்பது வழக்கமான கடவு எண். எல்லா நிறுவனத்திலும் இது எடுபடாது. `*#331#` அடித்தால் தடை விழுந்ததா என்று காட்டும்.

அப்புறம், உன் மகன் எண்ணை +971 சேர்த்து, அவன் படத்தோடு அம்மா போனில் பதிந்து கொடு. படம் வராத வெளிநாட்டு அழைப்பு எதுவும் பேரன் இல்லை என்று சொல்லிவை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்