பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்: வாசகசாலை உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நம் வாசகசாலையின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர், அங்கத்தினர் எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற மார்ச் 31 உடன் பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். அம்மாவை வைத்தியத்துக்காக அடிக்கடி கோவைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. சாயங்காலம் வந்து உட்கார்ந்து கணக்கு எழுத முடிவதில்லை. காரணம் இவ்வளவுதான்.

போன பொதுக்குழுவில் தமிழ்ப் புத்தகத்துக்கு எவ்வளவு, மலையாளப் புத்தகத்துக்கு எவ்வளவு என்று பேசும்போது சத்தம் கொஞ்சம் ஏறியது. அதில் மனசு விட்டுப்போய்த்தான் நான் விலகுகிறேன் என்று டீக்கடையில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். இல்லைங்க. அன்று என்னை எதிர்த்துப் பேசிய அண்ணன்தான் அடுத்த வாரமே தன் வண்டியில் பொள்ளாச்சிக்கு வந்து தமிழ்ப் புத்தகக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் கேட்டதும் கேட்கவேண்டிய கேள்விதான். லைப்ரரி கவுன்சில் கிராண்டில் எந்த வாசகருக்கும் பங்கு உண்டு. அதை அடுத்த குழு தீர்மானிக்கட்டும், நான் அபிப்பிராயம் சொல்லப் போவதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆள் நம் நூலகர் அக்கா. ஐந்து ரூபாய் அபராதம் வாங்கினாலும் ரசீது எண்ணோடு ஒரு துண்டுச்சீட்டில் குறித்து மேசை டிராயரில் வைத்துவிடுவார். மாதக் கடைசியில் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் அந்தச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், கணக்கு தானாக நேராகும். தலைவரையும் சொல்ல வேண்டும். பில்லைப் பார்க்காமல் எந்தக் காசோலையிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அப்போது சிலருக்கு எரிச்சலாக இருந்திருக்கும். கணக்குப் பார்க்கிற எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

அப்புறம், ஒப்படைப்பு. ஏன் மார்ச் 31 என்று செயலாளர் கேட்டார். அன்றோடு நிதியாண்டு முடிவதால் இறுதி இருப்பு ஒரே வரியில் நிற்கும். அதுவரை என் கணக்கு, அதற்குப் பிறகு வருகிறவர் கணக்கு. நடுவில் விலகினால் ஒரே வருடக் கணக்குக்கு இரண்டு பேர் பதில் சொல்ல வேண்டி வரும். நாளைக்கு ஒரு வவுச்சர் காணோம் என்றால், நல்ல உறவு கெடுவது அந்த இடத்தில்தான்.

வங்கி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். குழு தீர்மானம் போட்டு அதன் நகலையும் புதியவரின் அடையாளச் சான்றுகளையும் கொடுத்து, வங்கி அதை ஏற்கிறவரை பதிவில் என் கையெழுத்துதான் இருக்கும். அதற்கு நாளாகும், சில காசோலைகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள் என்று அன்பாகச் சொன்னார்கள். அது மட்டும் வேண்டாம். எழுதாத காசோலையில் கையெழுத்து இருந்தால் எனக்கும் நல்லதில்லை, வைத்திருப்பவருக்கும் நல்லதில்லை. கூப்பிட்டால் வந்து, பில்லைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். ஏற்கெனவே கொடுத்த காசோலைகள் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். அதனால் இன்னும் பணமாகாதவற்றின் பட்டியலைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தருகிறேன். அதைக் கழிக்காமல் பாஸ்புக்கில் உள்ள தொகையை மட்டும் பார்த்துச் செலவு செய்தால், ஜூன் 19 வாசிப்பு நாளுக்கு எடுத்து வைத்த பணமும் இருப்பதாகத் தெரியும், ஆனால் இருக்காது.

எல்லோரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி என் கைபேசிக்குத்தான் வருகிறது. கையெழுத்து மாற்றும் அதே நாளில் எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யார் எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது எடுத்தீர்கள் என்பது எல்லாம் பொறுப்பில் இல்லாத ஒருவனுக்கு வந்துகொண்டே இருக்கும்.

அடுத்த பொருளாளர் யார் என்று என்னிடம் தனியாகக் கேட்காதீர்கள். நான் ஒரு பேரைச் சொன்னால், சொல்லாத பேர்களுக்கெல்லாம் வருத்தம். நம் விதிப்படி அடுத்த பொதுக்குழுவரை ஒருவரை நியமிக்கச் செயற்குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். வருகிறவர் கணக்கு எழுதும் முறையை மாற்றினாலும் சரி. நான் செயற்குழுக் கூட்டத்துக்கு வரமாட்டேன். பழைய ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எல்லோரும் அவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சந்தா கட்டும் அங்கத்தினனாக மட்டும் இருப்பேன்.

மார்ச் 31 அன்று வாசகசாலை மூடியதும் தலைவரும் புதியவரும் இருங்கள். கையிருப்பை எண்ணி, கணக்குப் புத்தகத்தில் கடைசி வரிக்குக் கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். எழுதாத ரசீதுப் புத்தகங்களின் எண்களும் அங்கேயே ஏறிவிட வேண்டும். அலமாரிச் சாவி இரண்டையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பொருளாளர் (மார்ச் 31 வரை)