நேரில் வந்தால்தான் விலக முடியுமா?

மதிப்பிற்குரிய கிளப் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். குடிமாறிப் போவதால் என் ஆண்டு உறுப்பினர் பதிவை ரத்து செய்து, மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தரும்படி நான் எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கிறது. விலகல் படிவத்தில் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது. நேரில் வர முடியாத தூரத்துக்குப் போய்விட்டதால்தானே விலகுகிறேன்? சேரும்போது வீட்டிலிருந்தபடியே படிவம் நிரப்பிப் பணம் கட்டினேன். அன்று யாரும் என் முகத்தைப் பார்க்க ஆசைப்படவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். நான்காம் மாதக் கடைசியில் கடிதம் கொடுத்தேன். விதிப்படி ஒரு மாத முன்னறிவிப்பையும் சேர்த்தால் ஐந்து மாதம் ஆகிறது. மீதி ஏழு மாதம். கட்டிய தொகையில் பன்னிரண்டில் ஏழு பங்கைத்தான் கேட்கிறேன். திருப்பித் தரப்படாது என்று அச்சிட்டிருந்த சேர்க்கைக் கட்டணத்தைக் கேட்கவில்லை.

உங்கள் அலுவலகக் கணக்கு வேறு. ஆண்டுச் சந்தா என்பது பத்து மாதக் கட்டணம்; இரண்டு மாதம் சலுகை. இடையில் விலகினால் சலுகை போய்விடும் என்று, இருந்த மாதங்களுக்கு முழு மாதக் கட்டணம் போடுகிறார்கள். அப்படியே வைத்தாலும் ஐந்து மாதம் போக ஐந்து மாதக் கட்டணம் வர வேண்டும். ஆனால் குழு கூடி ஏற்றுக்கொண்ட நாள்தான் விலகிய நாள் என்று ஏழு மாதக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மூன்று மாதக் கட்டணம்தான் தருவார்களாம். குழு கூடத் தாமதமானதற்கு நானா பொறுப்பு?

இதில் பெரிய வேடிக்கை, கடிதம் கொடுத்த மறுநாளே என் நுழைவு அட்டையை முடக்கிவிட்டீர்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கடைசி வாரத்தில் ஒருமுறை வந்தேன். வாசலில் இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. காவலர் சங்கடத்தோடு, "நீங்க விலகிட்டீங்கன்னு காட்டுதே" என்றார். கதவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. கணக்குப் பிரிவுக்குத் தெரிய மேலும் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

சேருவதற்கு ஒரு நிமிடம், விலகுவதற்கு ஒரு தவம் என்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது போலும். அதைப் பேசினால் மடல் நீளும்.

கேட்பது இவ்வளவுதான். கடிதம் கிடைத்த நாளிலிருந்து கணக்கிட்டு, மீதி ஏழு மாதப் பணத்தைக் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். சலுகையைக் கழிக்கும் விதி நான் ஒப்பமிட்ட படிவத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை அனுப்புங்கள். ஐந்து மாதக் கட்டணத்தை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுச் சந்தா தானாகப் பிடிக்கப்படாதபடி அந்த அனுமதியையும் நிறுத்திவிடுங்கள்.

கையெழுத்துதான் தடை என்றால் படிவத்தைத் தபாலில் அனுப்புங்கள். புது முகவரிச் சான்றோடு, எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசற்கதவு ஏற்கெனவே விடுவித்துவிட்ட உறுப்பினர்