விடைக்கு முன்னால் ஐந்து விநாடி

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. பதில் போடத் தாமதமானதற்குத் திட்டாதே.

நீ அனுப்பின விடுகதை ஷார்ட்ஸை அக்கா வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். "எல்லாப் பழத்துக்கும் கொட்டை உள்ளே, எனக்கு மட்டும் வெளியே, நான் யார்?" என்று உன் குரல் முடிந்ததும் சின்னவள் "ஸ்ட்ராபெரி!" என்று கத்தினாள். திரையில் கொல்லாம்பழம், அதுதான் முந்திரிப்பழம், வந்ததும் முகம் வாடிப்போச்சு. அவள் பக்கம் நியாயம் இருக்குடே. ஸ்ட்ராபெரி மேலே புள்ளி புள்ளியாக இருப்பதை ஊரே விதை என்றுதானே சொல்லுது? பொருந்துகிற விடை சொன்ன பிள்ளையைத் தப்பு என்றால் அடுத்த கேள்விக்கு அது வாயே திறக்காது. "ஒற்றைக் கொட்டை, பழத்துக்கு அடியில் தொங்கும்" என்று மாற்று. ஸ்ட்ராபெரி தானாக விலகிவிடும்.

அடுத்தது இடைவெளி. நீ விட்டது மூன்று விநாடி. மூத்தவன் தப்பித்தான், சின்னவள் கேள்வியையே இன்னும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்து திரையில் வந்த நேரத்திலிருந்து எண்ணாதே, உன் கடைசிச் சொல் முடிந்த பிறகு ஐந்து விநாடி விடு. அது முழுக்க அசையாமல் கிடந்தால் விரல் மேலே தள்ளிவிடும். வட்டம் ஒன்று சுருங்கிக்கொண்டே வரட்டும். மூன்றாவது விநாடியில் வளைந்த கொட்டையின் நிழல் மட்டும் தெரியட்டும். தெரியாத பிள்ளைக்கும் அங்கே ஒரு பிடி கிடைக்கும்.

பின்னணியில் கொல்லாமாவு மரத்தை ஏன் வைத்தாய்? நம்ம ஊர்ப் பிள்ளைகள் இலையைப் பார்த்தே சொல்லிவிடும். வெறும் மஞ்சள் நிறம் போதும். தலைப்பிலும் பழத்தின் பெயர் வேண்டாம். கேள்வியை நடுவுக்கு மேலே ஏற்று, அடியில் சேனல் பெயரும் தலைப்பும் வந்து மறைக்குது.

விடை வரும் இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்தக் கைதட்டல் திடீரென்று வெடித்ததில் மடியில் இருந்த குழந்தை பயந்து அழுதது. உன் குரலைவிடத் தாழ்வாக வை. முதலில் படம், ஒரு மூச்சு கழித்து "கொல்லாம்பழம்! முந்திரிப்பழம்!" என்று சொல். பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டாவது பெயர்தான் தெரியும். பிறகு ஒரு விரல் தொங்கும் கொட்டையைத் தொட்டுக் காட்டட்டும். கேள்வியும் விடையும் அந்த இடத்தில்தான் சேரும்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதே. பச்சைக் கொட்டையின் தோட்டில் உள்ள பால் பட்டால் தோல் வெந்துபோகும், நம்ம பாட்டிமார் கை உனக்கு ஞாபகம் இருக்குமே. படத்தைப் பார்த்த பிள்ளை பறித்துக் கடித்தால் என்ன ஆகும்? "கொட்டையைக் கடிக்காதீங்க, வறுத்து உடைச்ச பருப்புதான் தின்னணும்" என்று சிரித்த குரலிலேயே ஒரு வரி சேர். மொத்தம் இருபது விநாடிக்குள் அடங்கும்.

குரலை மறுபடியும் பதிந்து அனுப்பு. சின்னவள் தினமும் கேட்கிறாள்.

உன்
நண்பன்