பெயர் சூட்டும் அவசரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2025 நவம்பர் கடைசி வாரத்தில் ‘தமிழகத்தை நோக்கி சென்யார் புயல்’ என்று தங்கள் நாளிதழ் தலைப்பிட்டது. சென்யார் இங்கே வரவே இல்லை. 26ஆம் தேதி மலாக்கா நீரிணையில் புயலாகி, அன்றே சுமத்ராவில் கரையேறிவிட்டது. இலங்கையை ஒட்டி இருந்தது வேறொரு சுழல். அது மறுநாள் புயலானபோது டிட்வா என்று பெயர் பெற்றது. இதற்குத் தாங்கள் ஒரு திருத்தம்கூட வெளியிடவில்லை.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்குமாக 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, 169 பெயர்கள் கொண்ட பட்டியல் 2020இல் வெளியானது. நாடுகள் ஆங்கில அகர வரிசையில் நிற்கின்றன. சுற்றிவருவது நாடுகளின் முறைதான். ஒருமுறை வைத்த பெயர் இங்கே மறுபடி வராது. அட்லாண்டிக் பட்டியல்தான் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி ஒரு கட்டுரையே வெளியிட்டீர்கள், போகட்டும்.

எந்தச் சுழலின் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை முதலில் எட்டுகிறதோ, அதற்குத்தான் வரிசையில் நிற்கும் பெயர். அதற்குக் கீழே இருக்கும்வரை அது தாழ்வு மண்டலம், அல்லது ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று அமீரகத்தின் முறை. அது தந்த பெயர் சென்யார். கடலில் இரண்டு சுழல்கள் இருந்தன. எது முந்தும் என்று டெல்லி வானிலை மையமே காத்திருந்தபோது, தங்கள் செய்திப் பிரிவு மட்டும் முடிவு கட்டிவிட்டது. மலாக்கா முந்தியது. அடுத்த முறை ஏமனுடையது, அதன் பெயர் டிட்வா. விஷயம் இவ்வளவுதான்.

2024 நவம்பரிலும் இதே கதை. 29ஆம் தேதி பிற்பகல்வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே இருந்ததை, நாள் கணக்காக ‘ஃபெங்கல் புயல்’ என்றே எழுதினீர்கள். ‘புயலாகாது’ என்று இடையில் அறிவிப்பு வந்ததும், புயலே போய்விட்டது என்று வாசகர்கள் நினைத்ததில் என்ன வியப்பு?

2021இல் குலாப் அரபிக் கடலுக்குப் போய் ஷாஹீன் ஆனதற்கு, ‘ஒரே புயலுக்கு இரண்டு பெயர், அதிகாரிகள் குழப்பம்’ என்று கேலி வேறு. குலாப் ஆந்திராவில் கரை கடந்து, குஜராத் பக்கம் போவதற்குள், தாழ்வு மண்டலத்தைவிடவும் வலுக் குறைந்த வெறும் தாழ்வுப் பகுதியாகத் தேய்ந்துவிட்டது. மறுபடி கடலில் வலுத்தது புதுப் புயல் என்றே கணக்கு. ஆகவே கத்தார் தந்த பெயர். 2018இல் கஜா நிலத்தைத் தாண்டும்போது தாழ்வு மண்டலமாகவே நீடித்ததால், அரபிக் கடலிலும் கஜாவாகவே இருந்தது. குழப்பம் யாருடையது?

பட்டியலில் டிட்வாவுக்கு அடுத்தது வங்கதேசத்தின் அர்னாப், அதற்கடுத்தது இந்தியாவின் முரசு. தமிழ்ப் பெயராயிற்றே, கண்ட தாழ்வு மண்டலத்துக்கும் அதைச் சூட்டத் தங்களுக்குக் கை அரிக்கும். சூட்டும் முன் அன்றைய அறிவிப்பில் ‘புயல்’ என்ற சொல் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் பார்த்தால் போதும். இல்லையென்றால், பெயரை விட்டுவிட்டு சுழல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்