பழைய கார்ப் படங்களில் எந்தக் கோணம் இல்லை என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஓட்டம் பற்றிச் சொல்லியிருந்ததெல்லாம் சரிதான். படங்கள் பளிச்சென்று தெளிவாக இருக்கும் வண்டியை மட்டும் நேரில் பார்க்கப் போனால் போதும் என்ற ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் பாளையங்கோட்டையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவன். வண்டி வாங்கப் போகிறவர்கள் போனில் படங்களைக் கொண்டுவந்து காட்டி, "அண்ணாச்சி, இது தேறுமா?" என்று கேட்பது இங்கே வழக்கம். ஒரு வண்டியின் படங்களை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே மாடல், ஏறக்குறைய அதே வருஷம், வேறு வேறு ஆட்கள் விற்கும் இரண்டு மூன்று வண்டிகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணுக்கு ஏதாவது பிடிபடும்.

அம்பாசமுத்திரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சமீபத்தில் மூன்று ஸ்விஃப்ட் டீசல் வண்டிகளின் படங்களோடு வந்தார். மூன்றும் 2018 மாடல். ஒன்று தென்காசிப் பக்கம் ஓனரே விற்கும் வண்டி. இரண்டாவது, திருநெல்வேலியில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நிற்பது. மூன்றாவதை ஒரு புரோக்கர் அனுப்பியிருந்தார், நம்பர் பிளேட் மறைத்திருந்தது. மூன்றாவதுதான் விலை குறைவு, படமும் அதில்தான் அதிகம். வண்டியைக் கழுவி ஈரம் காயும் முன்பே சாயங்கால வெயிலில் எடுத்திருந்தார்கள். ஈரமான பெயிண்டில் கீறலும் மங்கலும் தெரியாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியருக்கு அந்த வண்டி மேல்தான் மனசு.

ஒரு தாளில் கட்டம் போடச் சொன்னேன். மேலே மூன்று வண்டிகள். இடப்பக்கம் கோணங்கள்: முன், பின், வலப்பக்கம், இடப்பக்கம், கூரை, பானட் திறந்த இன்ஜின், டேஷ்போர்டு, முன் சீட்டுக்கு அடியில், பின் சீட்டுத் தரை, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி. படம் இருக்கிற கட்டத்தில் ஒரு கோடு. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. தென்காசி வண்டிக்கு இடப்பக்கம் காலி. கன்சல்டிங் வண்டிக்கு இன்ஜின் காலி. மூன்றாவது வண்டிக்கு வெளியிலிருந்து மட்டும் ஏகப்பட்ட படம், ஆனால் முட்டிக்குக் கீழே உள்ளே ஒரு படம்கூட இல்லை.

காலிக் கட்டம் இருந்தாலே ஏமாற்று என்று அர்த்தமில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். சந்தில் திருப்பும்போதும் கேட்டுக்குள் நுழைக்கும்போதும் கண்ணுக்குத் தப்புவது இடப்பக்கம். பின் கதவும் அதை ஒட்டிய சக்கர வளைவும்தான் அடிக்கடி உரசும். ஆகவே ஓனர் தன் வண்டியை நல்ல பக்கமாக நின்று படம் எடுப்பது இயல்பு. தென்காசிக்காரரிடம் கேட்டதும் ஒளிக்காமல் அனுப்பினார். இடது பின் கதவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒடுக்கு, வீட்டு கேட்டில் பட்டதாம். அதை நான் எடுத்துவிடுவேன்.

ஒப்பிடும்போது எதை எதோடு ஒப்பிடலாம் என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு விற்பனையாளரின் படத்தில் தெரியும் பெயிண்ட் நிறத்தை இன்னொருவர் படத்தில் தெரியும் நிறத்தோடு வைத்துப் பார்ப்பது வீண். வெயில், நிழல், போன் கேமரா எல்லாமே நிறத்தை மாற்றிவிடும். நிறத்தைப் பார்க்க வேண்டியது ஒரே படத்துக்குள். பக்கத்துப் பக்கத்து ஃபெண்டரும் கதவும் வேறு நிறமாகத் தெரிந்தால் ஒன்றில் கை பட்டிருக்கிறது. கதவில் கரண்ட் கம்பியோ மதில் விளிம்போ பிரதிபலித்தால் அந்தக் கோட்டையும் பின்தொடருங்கள். கம்பெனி பெயிண்டில் அது சீராக ஓடும். பட்டி பார்த்த இடத்தில் நெளியும். இடைவெளியைப் பார்ப்பதற்கு மட்டும் வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நல்ல வண்டியில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று ஒன்றில் பார்த்துக்கொண்டால், மற்றதில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒட்டியும் இருப்பது தானாகத் தெரியும். இரண்டு படமும் நேர் எதிரே நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். அகலமாகப் படம் பிடிக்கும் லென்ஸில் கிட்டத்தில் நின்று எடுத்தால் எல்லா வண்டியும் கோணலாகத்தான் தெரியும்.

கன்சல்டிங் வண்டியில் சிக்கியது ஹெட்லைட். நம் வெயிலில் வருஷக்கணக்கில் நின்ற வண்டிக்கு ஹெட்லைட் மேல்மூடி மஞ்சள் பாயும், இரண்டும் சேர்ந்தே பாயும். இதில் வலது மஞ்சள், இடது கண்ணாடி போல் தெளிவு. இடது பக்கம் ஏதோ மோதி லைட் மாற்றியிருக்கிறார்கள். அடி எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் கேள்வி. அதனால்தான் காலியாக இருந்த இன்ஜின் படத்தைக் கேட்கச் சொன்னேன். பானட்டைத் திறந்து, ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் தகட்டையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஸ்பேனர் போட்ட போல்ட்டில் மூலைகளில் பெயிண்ட் உடைந்திருக்கும். வந்த படத்தில் போல்ட்டுகளில் பெயிண்ட் அப்படியே இருந்தது, தகட்டின் வெல்டிங் புள்ளிகளும் ஒழுங்காக இருந்தன. பம்பரோடும் லைட்டோடும் நின்ற சின்ன அடி.

இனி மூன்றாவது வண்டி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த ஜில்லாக்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் புகுந்தது. தெருவில் நின்ற கார்கள் மூழ்கின. ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸில் அதை முழு நஷ்டமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட வண்டி ஏலத்தில் போய், சுத்தமாகி, திரும்பவும் சந்தைக்கு வருவதுண்டு. அப்படி வாங்கி விற்பதில் தப்பில்லை. வாங்குகிறவனிடம் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

ஷாம்பு போட்டுக் கழுவினால் சீட் துணியும் டேஷ்போர்டும் புதிதாகிவிடும். ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரும் மெல்லிய வண்டல் ஒளிந்துகொள்ளும் இடங்கள் வேறு. முன் சீட் நகரும் இரும்புத் தண்டவாளம் ஒன்று. அதன் துளைகளுக்குள் பிரஷ் போகாது. ஸ்டெப்னி கிடக்கும் குழி இன்னொன்று. மூன்றாவது இடம் சீட் பெல்ட். அதன் சுருள் கதவுத் தூணின் அடியில் இருப்பதால், பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால்தான் கறைக் கோடு தெரியும். விற்பவர்கள் தாமாக அனுப்பும் படங்களில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இதைக் கேட்கும் முறையும் முக்கியம். மூன்று பேரிடமும் ஒரே படங்களைக் கேட்கச் சொன்னேன், அப்போதுதான் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது. டிரைவர் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, போனைத் தரையோடு வைத்து, பிளாஷ் போட்டு ஒரு படம். முன் இடது சீட்டுக்கும் அப்படியே ஒன்று. ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுக் குழி. பெல்ட்டை முழுக்க இழுத்து ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

தென்காசிக்காரரும் கன்சல்டிங்காரரும் அன்றைக்கே அனுப்பினார்கள். புரோக்கர், "அண்ணாச்சி, ஸ்டெப்னிய எல்லாம் எதுக்குக் கேக்கீங்க? நேர்ல வந்து பாருங்க" என்றார். ஆசிரியர் விடாமல் கேட்கவே சீட்டுப் படங்கள் மட்டும் வந்தன. அதை மற்ற இரண்டோடும் சேர்த்து வைத்ததும் ஆசிரியரே சொல்லிவிட்டார். மற்ற இரண்டு வண்டியிலும் தண்டவாளம் கிரீஸ் படிந்து கறுப்பாக இருந்தது. தென்காசி வண்டியில் டிரைவர் பக்கம் மட்டும் கொஞ்சம் துரு. மழையில் நனைந்த செருப்போடு ஏறுகிற வண்டியில் அது வரும். மூன்றாவதில் இரண்டு சீட்டுக்கும், நான்கு மூலைப் போல்ட்டுகளிலும், ஒரே அளவாகச் செம்மண் நிறத் துரு. அதன் மேல் விரித்திருந்த கார்பெட்டோ புத்தம் புதுசு.

கடற்கரை ஊர்க்காரர்கள் இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருச்செந்தூர், உவரிப் பக்கம் உப்புக் காற்றிலும் வண்டி துருப்பிடிக்கும். ஆனால் அது அடிப்பாகத்திலும் கதவின் கீழ் விளிம்பிலும் வெளியிலிருந்து தொடங்கும். மூடிய வண்டிக்குள் எல்லாச் சீட்டுக்கும் ஒரே மட்டத்தில் வராது. அதேபோல் ஹெட்லைட்டுக்குள் லேசான ஆவி மழைக்காலத்தில் நல்ல வண்டிக்கும் வரும். காய்ந்த பிறகும் உள்ளே கோடாக நிற்கும் கறையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சீட் கவர் போட்டிருப்பதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது, நம் ஊரில் புது வண்டிக்கே போட்டுவிடுகிறார்கள்.

துருவுக்கு இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்கலாம். பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் பெட்டி கியர் லிவருக்கு அருகே தரையை ஒட்டி இருக்கிறது. முன் சீட்டுக்கு அடியிலும் வயரிங் இணைப்புகள் ஓடுகின்றன. தண்ணீர் புகுந்த இணைப்பு அன்றைக்கே சாகாது. மாதக்கணக்கில் பச்சை பூத்து, ஒருநாள் விளக்கு எரியும், மறுநாள் எரியாது. வேண்டிய நேரத்தில் ஏர்பேக் விரியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த விலைக் குறைவுக்காகக் குடும்பத்தை அதில் ஏற்றச் சொல்ல எனக்கு மனசு வராது.

படம் காட்டாதது ஒன்று உண்டு, அதையும் அதே கட்டத்தாளில் கடைசி வரிசையாகச் சேர்க்கச் சொல்கிறேன்: இன்ஷூரன்ஸ் பாலிசியின் படம், கடந்த இரண்டு மூன்று வருஷத்தது. அதில் கிளெய்ம் எடுக்காததற்கான போனஸ் சதவீதம் அச்சாகியிருக்கும். கிளெய்ம் இல்லாமல் போனால் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். அதே ஓனர் பெயரில் 35 இருந்தது 2024-இல் பூஜ்யமானால், முந்தைய பாலிசிக் காலத்தில் கிளெய்ம் நடந்திருக்கலாம், எதற்கு என்று கேட்கலாம். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் இது தெரியாமல் போகலாம், ஓனர் மாறினாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். ஆசிரியர் தென்காசி வண்டியைப் பட்டறைக்கே வரவழைத்து, லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகம் பார்த்து, கதவு ஒடுக்குக்கு என் கூலியைக் கழித்துப் பேசி முடித்தார். புரோக்கர் கடைசி வரை ஸ்டெப்னிக் குழியைக் காட்டவில்லை.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறை நடத்தும் வாசகர்,
பாளையங்கோட்டை.