ஐந்து மாதம் பழைய ஐ.பி. முகவரியை நம்பி எங்கள் சேவையை முடக்கியது தொடர்பான புகார்

மட்டக்களப்பு
15 செப்டெம்பர் 2025

வாடிக்கையாளர் சேவை முகாமையாளருக்கு,

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை ஆறு கிளைகள் உள்ள ஒரு சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கத்தின் தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். உங்கள் கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்புச் சேவைக்கு இரண்டு வருடமாகச் சந்தா கட்டி வருகிறோம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் ஒரு டிக்கெட் இலக்கம் வந்தது, பதில் வரவில்லை. போனில் பேசியது பதினொரு தடவை. கொழும்புக்கு வந்தது ஒரு தடவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. சிறுபோக அறுவடைக் காசு கைக்கு வந்த நேரம், அடகு நகை மீட்கச் சனம் வாசலில் நின்றது. நகையைக் கொடுக்கும் முன் அங்கத்தவரின் போனுக்கு ஓ.ரி.பி. எண் போகும். அவர் அதைச் சொன்னால்தான் பெட்டகம் திறக்கும். 9 மணியிலிருந்து 9:40 வரை 17 பேருக்கு எண் போனது. அப்புறம் நின்றுவிட்டது. எங்கள் எஸ்.எம்.எஸ். சேவையின் ஐ.பி. முகவரியை உங்கள் கருவி தானாகவே மறித்துவிட்டது. பிற்பகல் 2:15 வரை ஒருவருக்கும் எண் போகவில்லை. கிரானிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா, "புள்ள, காசு கட்டிட்டன், போனுக்கு ஒண்டும் வரல்லியே" என்று என்னிடம் நாலு தரம் கேட்டார். மறுநாள் மகளுக்குக் கலியாணம். நகையில்லாமல் பஸ் ஏறிப் போனார்.

அந்த நேரத்தில்தான் உங்கள் உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். பேசியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மிஸ், உங்களுக்கு இது விளங்காது. அங்க யாராவது ஐ.டி. சேர் இருந்தா போனைக் குடுங்க." நான்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறேன் என்றேன். "மூன்று ஃபீட் கெட்டது என்று சொல்லுது, நீங்க ஒராள் நல்லது என்று சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். பதினாறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். அந்தப் பேச்சை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும், தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

சரி, எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். ஃபீட் என்பது கெட்ட முகவரிகளையும் கோப்புகளையும் பற்றி வெளியார் வெளியிடும் பட்டியல், அதில் ஒவ்வொரு வரியும் ஓர் இண்டிகேட்டர். உங்கள் திரையில் அந்த அலர்ட்டுக்குப் பின்னால் இருந்த இண்டிகேட்டர் விவரம் இது. அந்த முகவரி இப்போது வேறு ஆட்களுடையது என்பதால் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

```
value:        203.0.113.47
first_seen:   2025-02-18
last_seen:    2025-03-11
last_fetched: 2025-08-21
expires:      2025-11-19
sources:      3
```

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த முகவரியில் ஒரு களவுக் கும்பலின் சேர்வர் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கிளவுட் நிறுவனத்தின் முகவரி. வாடகை வீடு மாதிரி, ஒருவர் போனால் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். எங்கள் எஸ்.எம்.எஸ். சேவைக்காரர் ஆகஸ்ட் 20 இரவுதான் அங்கே குடிவந்தார். எழுத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மறிப்பை நீக்கியபின் இணைப்பைத் திறந்து சான்றிதழையும் பார்த்தேன், அவர்களுடைய பெயர்தான் இருக்கிறது.

இனி `expires` வரியைப் பாருங்கள். உங்கள் கையேட்டில் ஓர் இண்டிகேட்டரின் ஆயுள் 90 நாள் என்று இருக்கிறது. கெட்ட வேலை கடைசியாகக் காணப்பட்ட மார்ச் 11 இலிருந்து 90 நாள் எண்ணினால் ஜூன் 9 உடன் முடிந்திருக்க வேண்டும். உங்கள் கருவி எண்ணியது `last_fetched` இலிருந்து, அதாவது ஃபீட்டை நீங்கள் கடைசியாக இறக்கிய நாளிலிருந்து. தினமும் காலை 6 மணிக்கு அதே பழைய பட்டியலை மீண்டும் இறக்குகிறீர்கள். தினமும் அந்த 90 நாள் புதிதாகத் தொடங்குகிறது. பட்டியலை வெளியிடுகிறவர் அந்த வரியை எடுக்காத வரை அதற்கு முடிவே கிடையாது. 163 நாள் பழைய செய்தியை இன்றைய செய்தியாக எங்களுக்கு விற்றிருக்கிறீர்கள். உங்கள் சொந்தக் கருவி எந்தத் திகதியிலிருந்து எண்ணுகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் கையால் அழித்தேன். மறுநாள் காலை 6 மணிக்குத் திரும்ப வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலை 6:15க்கு உள்நுழைந்து அந்த ஒரு வரியை அழிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும்தான். இன்றோடு 25 நாள்.

"மூன்று ஃபீட் சொல்லுது" என்றார் அல்லவா. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் `first_seen` ஒரே நாள். குறிப்பு வரியில் மூன்றிலும் `botnet contoller` என்று ஒரே எழுத்துப் பிழை. ஒருவர் எழுதியதை மற்ற இருவர் பிரதி எடுத்திருக்கிறார்கள். சாட்சி ஒன்றுதான். உங்கள் கருவியோ மூன்று சாட்சி என்று எண்ணி, முதலிலேயே 85 புள்ளி கொடுத்துவிட்டது.

அந்த 85 எப்படி தானாக மறிக்கும் எல்லையான 90 புள்ளியைத் தாண்டியது என்பதுதான் எனக்கு மிகவும் ஆத்திரம் தந்த இடம். எங்கள் வலையமைப்பிலிருந்து யாராவது அந்த முகவரியைத் தொட்டால், அதை 'இங்கேயும் காணப்பட்டது' என்று பதிந்து புள்ளியைக் கூட்டுகிறீர்கள். 17 அங்கத்தவருக்கு ஓ.ரி.பி. போனது, 17 தடவை புள்ளி ஏறியது. 9:40க்கு 90ஐத் தாண்டியதும் மறித்தது. எங்கள் சேர்வரோ தோற்றுப்போன இணைப்பை அரை நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் முயலும். 2:15 வரை 550 தடவை முயன்றிருக்கிறது. அந்த 550ஐயும் புதுக் காட்சிகளாக எண்ணி 100 புள்ளி போட்டு, "சீரான இடைவெளியில் தொடர்பு கொள்கிறது, வைரஸ் தொற்றியிருக்கலாம்" என்று இரண்டாவது அலர்ட்டும் அனுப்பினீர்கள். அந்தச் சீரான இடைவெளியை உண்டாக்கியதே உங்கள் மறிப்புத்தான்! 9:40க்கு முந்திய பதிவைப் பார்த்திருந்தால், காசாளர் பட்டனை அழுத்திய நேரத்தில் மட்டும் தொடர்பு போயிருப்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அங்கே இடைவெளி சீராக இல்லை. ஒரு தொடர்பு நடந்தது என்பது வேறு, அந்தத் தொடர்பு கெட்டது என்று ஒரு மனிதர் பார்த்து உறுதிசெய்தது வேறு. இரண்டாவதுக்குத்தான் புள்ளி கூட வேண்டும்.

இதை விளக்கத்தான் கொழும்புக்கு வந்தேன். பதிவு சேகரிக்கும் பெட்டியைக் கழற்றிக்கொண்டு நேரில் வரும்படி உங்கள் ஆள்தான் சொன்னார். இரவு பஸ்ஸில் அந்தப் பெட்டியைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெலிக்கந்தை தாண்டி விடிய விடியக் குலுங்கி, புறக்கோட்டையில் இறங்கி 8 மணிக்கே உங்கள் வாசலில் நின்றேன். 11:30க்கு ஒருவர் வந்து பெட்டியைத் திறக்கவும் இல்லை. "இது ஹார்ட்வெயார் பிரச்சினை இல்லையே, ஒன்லைனிலேயே பார்த்திருக்கலாம்" என்றார். தண்ணீர்கூடத் தரவில்லை. அன்றிரவே திரும்ப பஸ் ஏறினேன். பெட்டி இல்லாத அந்த இரண்டு நாளும் எங்கள் ஆறு கிளைகளுக்கும் பதிவு என்று ஒன்றுமே இல்லை.

அவர் தந்த தீர்வு, முகவரியை வெள்ளைப் பட்டியலில் போடுங்கள் என்பது. நான் போடவில்லை. உங்கள் வெள்ளைப் பட்டியலுக்குக் காலாவதி கிடையாது. நாளைக்கு எஸ்.எம்.எஸ். சேவைக்காரர் வீடு மாறி, அந்த முகவரி மறுபடி ஒரு களவாளியின் கைக்குப் போனால், எங்கள் கதவு நிரந்தரமாகத் திறந்திருக்கும். கெட்டது என்ற நம்பிக்கைக்கு எப்படி ஆயுள் வேண்டுமோ, நல்லது என்ற நம்பிக்கைக்கும் அப்படியே வேண்டும்.

பழையதை எல்லாம் அழித்துவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. மார்ச் 5ஆம் திகதிப் பதிவில் எங்கள் கணினி ஒன்று அந்த முகவரியோடு பேசியிருந்தால், அது அன்றைக்கும் ஆபத்து, இன்றைக்கும் நான் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து. ஆகவே இண்டிகேட்டர் இருக்கட்டும். சம்பவம் நடந்த நாளோடு அதை ஒப்பிடுங்கள், அலர்ட்டைத் திறக்கும் நாளோடு வேண்டாம்.

ஐ.பி. முகவரிக்கும் கோப்பின் ஹாஷுக்கும் ஒரே 90 நாள் வைத்திருப்பதும் பிழை. ஹாஷ் கைரேகை மாதிரி, கைமாறாது. ஜூலையில் களுவாஞ்சிக்குடிக் கிளையில் ஒரு பென் டிரைவில் பழைய வைரஸ் கோப்பு வந்தபோது உங்கள் கருவி பேசாமல் இருந்தது. அந்தக் கோப்பின் ஹாஷ் இருந்த ஃபீட்டை நீங்கள் இறக்குவதை நிறுத்தியதால் 90 நாளில் அது விழுந்துவிட்டது. வெறும் இலவச அன்டிவைரஸ்தான் எங்களைக் காப்பாற்றியது. செத்ததை நம்பி மறிக்கிறீர்கள், உயிரோடு இருப்பதை மறந்துவிடுகிறீர்கள்.

இது செய்ய முடியாத காரியம் இல்லை. MISP என்ற அச்சுறுத்தல் தகவல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இண்டிகேட்டரின் வகைக்கு வகை ஆயுளும் தேயும் வேகமும் வைக்கலாம், புள்ளி நாளுக்கு நாள் தானாகக் குறையும், பொய் அலர்ட் என்றும் பதியலாம். இந்தத் தகவலைப் பரிமாறும் பொது வடிவமான STIX 2.1 இல் `valid_until` என்று ஒரு இடமே இருக்கிறது. அது கட்டாயமில்லை, வெளியிடுகிறவர்கள் வெறுமையாக விட்டுவிடலாம். வெறுமையாக வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தானே உங்களுக்குக் காசு கட்டுகிறோம்?

நான் பணிவாகக் கேட்பது இவ்வளவுதான். ஆயுளை `last_seen` இலிருந்து எண்ணுங்கள். கிளவுட் ஐ.பி.க்கு 30 நாளுக்கு மேல் தானாக மறிக்கும் அதிகாரம் கொடுக்காதீர்கள், அதற்குப் பிறகு அலர்ட் மட்டும் போதும். எங்கள் தொடர்புகளையே சாட்சியாக எண்ணுவதை நிறுத்துங்கள். அலர்ட்டின் முகப்பிலேயே கடைசியாகக் காணப்பட்ட திகதியைப் பெரிதாகப் போடுங்கள். அன்றைக்கு அது கண்ணில் பட்டிருந்தால் பத்து நிமிடத்தில் திறந்திருப்பேன். நான் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே நாலு திரை தாண்ட வேண்டியிருந்தது.

அந்த ஒரு நாளில் எங்கள் சங்கம் முப்பது வருடமாகச் சேர்த்த பெயர் போய்விட்டது. "சங்கத்தில வைரஸாம்" என்று கல்முனைச் சந்தை வரை பேச்சு. அதற்கு இலட்சக் கணக்கில் விலை போட்டாலும் ஈடாகாது. மூன்று மாதச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும், என் பிரயாணச் செலவைத் தர வேண்டும், போனில் அப்படிப் பேசிய உத்தியோகத்தர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

14 நாளுக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவேன். சங்கத்தின் சட்டத்தரணியும் கடிதம் அனுப்புவார். அந்த அளவுக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. உங்கள் கருவியில் நல்ல விஷயங்களும் இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

இண்டிகேட்டர் விவரத்தின் திரைப்பிடிப்பு, 17 ஓ.ரி.பி. நேரங்கள், 550 முயற்சிகளின் பதிவு, இரண்டு பஸ் டிக்கெட்டுகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். இம்முறை பதில் தருகிறவர், இவற்றைப் படித்த ஒரு பொறியியலாளராக இருக்கட்டும். காலை 6:15க்குப் பிறகு எப்போதும் எடுக்கலாம்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர்