எட்டுப் பலகையில் ஓடும் ஆறு: கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

சமூகக் கூடத்துச் சுவரில் பிள்ளைகள் வரைந்த ஆறு ஏறிவிட்டது. எட்டுப் பலகைகள், இடது ஓரத்தில் கடும் நீலம், வலது ஓரத்தில் சூரியன் பட்ட மஞ்சள், நடுவில் ஆறு விதமான பச்சை. 24 பிள்ளைகள், மேசைக்கு மூன்று பேர், ஐந்து சனிக்கிழமைகள். மாட்டி முடித்த அன்று அவசரத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை, அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் நடந்ததைச் சொல்லியே நன்றி சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்தது எங்கே போய்ப் பயன்பட்டது என்று உங்களில் பலருக்கே தெரியாது.

முதலில் பெயின்டர் அண்ணன். முதல் சனிக்கிழமை எங்களிடம் இருந்தது அல்ட்ராமரீன் நீலமும், கொஞ்சம் ஆரஞ்சு சாயல் உள்ள மஞ்சளும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கலக்க வைத்தோம். வந்தது பாசி பிடித்த மாதிரி மங்கலான ஒரு நிறம். ஒரு குட்டி, "இது பச்சை இல்ல, சேறு" என்று சொல்லித் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். கலக்கியதில்தான் தப்பு என்று நினைத்து நாங்கள் மறுபடி மறுபடி கலக்க, சேறு சேறாகவே வந்தது. அண்ணன் வந்து இரண்டு புட்டிகளையும் பார்த்ததும் காரணம் சொன்னார்: அந்த நீலம் ஊதா பக்கம் சாய்ந்தது, அந்த மஞ்சள் ஆரஞ்சு பக்கம் சாய்ந்தது. இரண்டுக்குள்ளும் கொஞ்சம் சிவப்பு ஒளிந்திருக்கிறது, பச்சையோடு சிவப்பு சேர்ந்தால் நிறம் செத்துப்போகும். பச்சைப் பக்கம் சாய்ந்த நீலமும் லெமன் யெல்லோவும் எடுங்கள் என்றார். தன் கையிருப்பிலிருந்தே கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அதே பிள்ளைகள், அதே கரண்டி, இலை மாதிரிப் பச்சை வந்தது. அந்தக் குட்டி தூரிகையை எடுத்துக்கொண்டாள். அண்ணா, அன்றைக்கு நீங்கள் வராமல் இருந்திருந்தால் "எனக்குக் கலர் வராது" என்று சில பிள்ளைகள் முடிவே கட்டியிருப்பார்கள், புட்டியின் குணம் அவர்கள் தலையில் விழுந்திருக்கும்.

அடுத்த வாரம் வேறொரு தப்பு, இந்த முறை முழுக்க என்னுடையது. நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் படிப்படியாகப் போக வேண்டும், அதனால் மஞ்சள் 7 நீலம் 1, அப்புறம் 6க்கு 2, 5க்கு 3 என்று ஒவ்வொரு கரண்டியாக மாற்றினால் சரியாக இருக்கும் என்று அட்டவணை போட்டு வந்தேன். 7க்கு 1 கலவையே நல்ல அடர் பச்சை. நான்காவது கிண்ணத்துக்கு அப்புறம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே தெரியவில்லை, எல்லாம் கருநீலப் பச்சை. மஞ்சள் அருகே வர வேண்டிய இளம்பச்சைகள் வரவே இல்லை. அந்த நீலத்துக்கு அவ்வளவு வலு, துளி விழுந்தாலே மஞ்சளை விழுங்கிவிடும்.

கணக்கு டீச்சர், உங்களுக்குத்தான் இந்தப் பத்தி. அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கூட்டிக் கழிக்காதீங்க, பாதி பாதியா போங்க" என்று சொன்னீர்கள். அதிலிருந்துதான் மொத்தத் திட்டமும் பிறந்தது. முதல் மேசையில் வெறும் நீலம், 20 கரண்டி. இரண்டாம் மேசையில் 20 கரண்டி நீலம், 20 கரண்டி மஞ்சள், ஆக 40. அதில் பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு பாதியை மூன்றாம் மேசைக்குத் தர வேண்டும். அவர்கள் அந்த 20 கரண்டியோடு 20 கரண்டி மஞ்சள் சேர்த்து, மறுபடி பாதியை நான்காம் மேசைக்குத் தர வேண்டும். இப்படியே ஏழாம் மேசை வரை. எட்டாவது வெறும் மஞ்சள், அதுவும் 20 கரண்டி. நீலத்தின் பங்கு இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று இறங்கி ஏழாம் மேசையில் 64ல் ஒன்றாக நிற்கும். காய்ந்த பிறகு பார்த்தபோது ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. 64ல் ஒன்றுகூட மஞ்சளிலிருந்து தெளிவாக விலகி நின்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? பக்கத்து மேசை கலக்கி முடிக்காமல் யாரும் தொடங்க முடியாது. சேர்ந்து திட்டமிடுங்கள் என்று முதல் வாரம் பத்துத் தடவை சொல்லியிருப்பேன், யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது தன் கிண்ணத்துக்கு வேண்டிய நிறம் பக்கத்து மேசையில் இருக்கிறது என்றதும், தாங்களே எழுந்து போய் "எப்ப முடியும், நாங்க மஞ்சளை அளந்து வச்சிரலாமா" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வண்ணம் வாங்கித் தந்த இரண்டு குடும்பங்களுக்கும் நன்றி. எவ்வளவு வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது இரண்டும் சமமாக என்று சொல்லவிருந்தேன். பிள்ளைகள்தான் மேசை மேசையாகக் கூட்டினார்கள்: நீலம் 40 கரண்டி, மஞ்சள் 140 கரண்டி. கரண்டிக்கு 5 மில்லி என்று வைத்தால் நீலம் 200 மில்லி போதும், மஞ்சள் 700 மில்லி வேண்டும். சமமாக வாங்கியிருந்தால் பாதி வழியில் மஞ்சள் தீர்ந்திருக்கும். தீர்ந்துபோன ஒரு நிறத்தை அப்படியே மறுபடி கலக்குவது பெரியவர்களுக்கே கஷ்டம், ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியும். ஏழாம் மேசை யாருக்கும் தர வேண்டியதில்லை என்பதால் அங்கே மட்டும் 20 கரண்டி மிஞ்சியது, அதை மூடி வைத்திருக்கிறோம், பலகையில் கீறல் விழுந்தால் பூசலாம்.

நான்காம் மேசையில் நடந்ததை அங்கே இல்லாத பெற்றோருக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மேசையின் மூவரில் ஒருவர் ஊற்றுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் கிளறுவார். எண்ணும் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் எண்ணிக்கை குழம்பி, 20 கரண்டி மஞ்சளுக்குப் பதில் 10தான் விழுந்திருக்கிறது. அது தெரியாமல் 20 கரண்டியை அளந்து ஐந்தாம் மேசைக்குக் கொடுத்தும் விட்டார்கள். ஐந்தாம் மேசைச் சிறுமி வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட உங்கள விட நிறைய இருக்கே, பாதின்னா ஒரே அளவு இருக்கணும்ல" என்றாள். நிறத்தைப் பார்த்து நான்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், எட்டில் ஒன்றுக்குப் பதில் ஆறில் ஒன்று, ஈரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கிண்ணத்தின் மட்டம் காட்டிக்கொடுத்தது. கலந்த வண்ணத்திலிருந்து நீலத்தை வெளியே எடுக்க முடியாது. ஆனால் ஐந்தாம் மேசை இன்னும் மஞ்சள் சேர்க்கவில்லை. அவர்கள் வாங்கியதைத் திருப்பி ஊற்றினார்கள், 30 கரண்டி சேர்ந்தது, விட்டுப்போன 10 கரண்டி மஞ்சளையும் போட்டுக் கிளறி, மறுபடி சரிபாதியாகப் பிரித்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அதற்கு அப்புறம் எல்லா மேசைகளிலும் கிண்ணங்களை அருகருகே வைத்து மட்டம் பார்த்த பிறகுதான் அடுத்த மேசைக்குப் போனது, அந்த விதியை நான் சொல்லவில்லை.

எண்ணும் வேலை பற்றிச் சொல்லும்போது ஒரு அம்மாவுக்குத் தனியாக நன்றி. தன் மகனுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும் என்று முன்கூட்டியே எங்களிடம் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் "எது சரியான பச்சை, காட்டு" என்று எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டு நிறுத்தியிருப்போம். இப்போது கலவை அட்டைகளில் நிறத்தின் பேரோடு கரண்டி எண்ணிக்கையும் எழுதினோம். அவன் மேசைக் கலவை ஒரு கரண்டிகூடப் பிசகவில்லை.

பலகைகளை அறுத்துக் கொடுத்த தச்சர் ஐயா, நீங்கள் வெறும் ஒட்டுப்பலகையைத் தராமல் வெள்ளை பிரைமர் இரண்டு கோட் அடித்து, தேய்த்தும் கொடுத்தீர்கள். அது எவ்வளவு பெரிய உதவி என்று மிச்சத் துண்டு ஒன்றில் பூசிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மஞ்சள் மெலிந்த நிறம், பின்னால் உள்ளதைக் காட்டிவிடும். வெறும் பலகையில் அது வண்ணத்தையும் குடித்து, பலகையின் பழுப்பையும் காட்டி, அழுக்காகத் தெரிந்தது.

ஆற்றின் கரை பலகைக்குப் பலகை தொடர்ந்து ஓட வேண்டுமே, அதற்கு வழி சொன்னது தையல் தெரிந்த அக்கா. பலகைகள் சேரும் ஏழு இடங்களிலும் நீளமான காகிதப் பட்டை ஒன்றை வைத்து, கரை எங்கே வெட்டுகிறது, அலை எங்கே வெட்டுகிறது, மீனின் வால் எந்த உயரத்தில் போகிறது என்று இரண்டு மேசைக்காரர்களும் சேர்ந்து குறித்தார்கள். அப்புறம் அதே பட்டையை இரண்டு பலகைகளின் ஓரத்திலும் வைத்துக் குறியை இறக்கினார்கள். முதல் பட்டையிலேயே பெரிய வாக்குவாதம், ஒரு மேசைக்கு மீன் பெரிதாக வேண்டும், இன்னொன்றுக்குச் சின்னதாக. பட்டை ஒன்றுதானே, ஆளுக்கொரு குறி போட முடியாது. கால் மணி நேரம் பேசினார்கள், நான் பொறுக்க முடியாமல் நடுவில் போக இருந்தேன், அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். மீன் பெரிதாகவே வந்தது, ஆனால் வால் முழுக்க மற்ற மேசைக்கு.

ஐந்து வாரமும் கிண்ணமும் தூரிகையும் கழுவித் தந்த பாட்டிக்கு என்ன சொல்வது? தூரிகையின் அடிமயிரில் தங்கிய நீலம் அடுத்த வாரம் மஞ்சளைக் கெடுக்கும் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னோம். அதற்கு அப்புறம் கழுவின தண்ணீர் தெளியும்வரை அவர் விடவில்லை. எங்கள் மஞ்சள் கடைசிவரை மஞ்சளாக இருந்தது அவரால்தான்.

சாவியோடு காத்திருந்த கூடத்துப் பொறுப்பாளருக்கும், தரையைத் துடைத்த அண்ணன் தம்பிகளுக்கும் நன்றி. பலகைகள் கதவுக்கு நேரே உள்ள சுவரில் இருக்கின்றன, காலை வெளிச்சத்தில் வந்து பாருங்கள், ஐந்தாவதும் ஆறாவதும் அப்போதுதான் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. அளவுக்கரண்டி கொடுத்தவர்கள் வரும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டி எல்லாவற்றையும் கழுவி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.